இருவர் ஆடும் சுழியத் தொகை ஆட்டம்: சேணப் புள்ளியிலிருந்து மேலாதிக்க விதி வரை ஒரு முழுமையான வழிகாட்டி

ஆபரேஷன்ஸ் ரிசர்ச் பாடத்தில் ஆட்டக் கோட்பாடு வந்ததும் பலர் நேராக ஒரு சூத்திரத்துக்குப் போய்விடுகிறார்கள். இரண்டுக்கு இரண்டு அணி, நான்கு எண்கள், விடை. ஆனால் அந்தச் சூத்திரத்தை எப்போது தொடவே கூடாது, பெரிய அணியை எப்படிச் சின்னதாக்குவது, ஆக்கிய பிறகு கிடைத்த விடை சரிதானா என்று எப்படிப் பார்ப்பது என்பதில்தான் கணக்கு தவறுகிறது. இந்த வழிகாட்டியில் இரண்டே ஆட்டங்களை எடுத்துக்கொண்டு கடைசி வரை போவோம். ஒன்று போர்க்களத்தில் உண்மையாக எடுக்கப்பட்ட முடிவு. இன்னொன்று கிரிக்கெட்டின் கடைசி ஓவர்.

## ஆட்டத்தை அணியாக எழுதுவது

இருவர் ஆடுகிறார்கள். ஒருவருக்குக் கிடைக்கும் லாபம் அப்படியே மற்றவருக்கு நஷ்டம். இரண்டையும் கூட்டினால் சுழியம். அதனால் இருவருக்கும் தனித்தனி அணி வேண்டாம், ஒரே அணி போதும். நிரைகளில் முதல் ஆட்டக்காரரின் உத்திகள், நிரல்களில் இரண்டாமவரின் உத்திகள். உள்ளே இருக்கும் ஒவ்வொரு எண்ணும் நிரை ஆட்டக்காரருக்குக் கிடைக்கும் பலன். ஆகவே நிரை ஆட்டக்காரர் அந்த எண்ணைப் பெரிதாக்கப் பார்ப்பார், நிரல் ஆட்டக்காரர் அதையே சிறிதாக்கப் பார்ப்பார்.

இந்த ஒரு வரி எப்போதும் மனதில் இருக்க வேண்டும். பின்னால் மேலாதிக்க விதியில் வரும் குழப்பத்தில் பாதி, நிரல் ஆட்டக்காரருக்குச் சின்ன எண்தான் நல்லது என்பதை மறப்பதால் வருகிறது.

இருவரும் ஒரே நேரத்தில், மற்றவர் என்ன தேர்ந்தார் என்று தெரியாமல் தேர்கிறார்கள் என்பதும் இதில் அடங்கியிருக்கிறது. அணி என்ன என்பது இருவருக்கும் தெரியும், எதிராளியின் முடிவு மட்டும் தெரியாது.

## 1943: பிஸ்மார்க் கடல்

1943 பிப்ரவரி கடைசியில், நியூ பிரிட்டன் தீவில் உள்ள ரபாலிலிருந்து நியூ கினியாவின் லே துறைமுகத்துக்கு ஜப்பான் ஒரு படைக் கப்பல் அணியை அனுப்பத் தயாரானது. எட்டுப் போக்குவரத்துக் கப்பல்கள், துணைக்கு எட்டு நாசகாரிக் கப்பல்கள், சுமார் 6,900 வீரர்கள். நியூ பிரிட்டனுக்கு வடக்கே ஒரு வழி, தெற்கே ஒரு வழி. இரண்டிலும் மூன்று நாள் பயணம். வடக்கே மழையும் மேகமும் இருக்கும் என்ற கணிப்பு, தெற்கே வானம் தெளிவு.

எதிர்ப் பக்கத்தில் தென்மேற்குப் பசிபிக்கின் நேச நாட்டு விமானப் படைகளுக்குத் தலைவர் ஜெனரல் ஜார்ஜ் கென்னி. அவரிடம் இருந்த வேவு விமானங்களில் பெரும்பகுதியை வடக்கே அனுப்புவதா, தெற்கே அனுப்புவதா என்பது அவருடைய கேள்வி. கப்பல்களை எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிறாரோ அத்தனை நாள் குண்டு வீசலாம்.

அமெரிக்க விமானப் படை அதிகாரி ஹேவுட் 1954-இல் எழுதிய கட்டுரையில் இந்த முடிவை ஓர் ஆட்டமாக எழுதிக் காட்டினார். பலன் என்பது குண்டு வீசக் கிடைக்கும் நாட்கள்:

| கென்னி ↓ / ஜப்பான் → | வடக்கு | தெற்கு |
|---|---|---|
| வடக்கு | 2 | 2 |
| தெற்கு | 1 | 3 |

எண்கள் எங்கிருந்து வந்தன? இருவரும் வடக்கு என்றால் மோசமான வானிலையால் ஒரு நாள் வீணாகும், இரண்டு நாள் மிஞ்சும். கென்னி வடக்கே தேட, கப்பல்கள் தெற்கே போனால் வானம் தெளிவு, ஆனால் விமானங்கள் இருப்பது வேறு பக்கம், அதிலும் ஒரு நாள் போகும். கென்னி தெற்கே தேட, கப்பல்கள் மழைக்குள் வடக்கே போனால் இரண்டு தடையும் சேர்ந்து ஒரு நாள்தான் கிடைக்கும். இருவரும் தெற்கு என்றால் மூன்று நாளும் கிடைக்கும்.

### சேணப் புள்ளியைத் தேடுவது

ஒவ்வொரு நிரையிலும் மிகச் சிறிய எண்ணைக் குறியுங்கள். கென்னியின் வடக்கு நிரையில் 2, தெற்கு நிரையில் 1. "நான் இதைத் தேர்ந்தால் என்ன ஆனாலும் குறைந்தது இவ்வளவு கிடைக்கும்" என்பதுதான் அந்த எண். இந்தக் குறைந்தபட்சங்களில் பெரியதை எடுங்கள்: 2. இதுதான் மேக்சிமின்.

அப்புறம் ஒவ்வொரு நிரலிலும் மிகப் பெரிய எண். வடக்கு நிரலில் 2, தெற்கு நிரலில் 3. ஜப்பான் பக்கத்திலிருந்து பார்த்தால் "நான் இதைத் தேர்ந்தால் அதிகபட்சம் இவ்வளவு அடி விழும்" என்பது. இந்த அதிகபட்சங்களில் சிறியது 2. இதுதான் மினிமேக்ஸ்.

இரண்டும் ஒன்றாக இருந்தால் ஆட்டத்துக்குச் சேணப் புள்ளி உண்டு, அந்த எண்ணே ஆட்ட மதிப்பு. இங்கே வடக்கு-வடக்கு கட்டத்தில் இருக்கும் 2 தன் நிரையில் மிகச் சிறியது, தன் நிரலில் மிகப் பெரியது. இரண்டு நிபந்தனையும் ஒரே கட்டத்தில் நிறைவேறினால் மட்டுமே அது சேணப் புள்ளி. மேல் நிரையில் இன்னொரு 2 இருக்கிறதே என்று கேட்கலாம். அது தன் நிரையில் சிறியதுதான், ஆனால் தன் நிரலில் 3 அதைவிடப் பெரியது. அது சேணப் புள்ளி அல்ல. எண்ணைப் பார்த்து முடிவு செய்யாமல் கட்டத்தைப் பார்க்க வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான். ஒன்றுக்கு மேற்பட்ட சேணப் புள்ளிகள் வரலாம், வந்தால் எல்லாவற்றிலும் ஒரே எண்தான் இருக்கும்.

சேணப் புள்ளி சொல்வது இது: இருவரில் யாரும் தனியாக நகர்ந்து லாபம் பார்க்க முடியாது. ஜப்பான் வடக்கே போகும்போது கென்னி தெற்குக்கு மாறினால் 2 நாள் 1 நாளாகும். கென்னி வடக்கே தேடும்போது ஜப்பான் தெற்குக்கு மாறினால் அதே 2 நாள்தான். எதிராளிக்கு உங்கள் முடிவு முன்கூட்டியே தெரிந்தாலும் பரவாயில்லை.

நடந்ததும் அதுவே. கென்னி வடக்கே தேடினார், கப்பல்கள் வடக்கே போயின. மார்ச் 2 முதல் 4 வரை நடந்த தாக்குதலில் எட்டுப் போக்குவரத்துக் கப்பல்களும் நான்கு நாசகாரிகளும் மூழ்கின. இதை வைத்து ஜப்பானியத் தளபதி தப்பான முடிவு எடுத்தார் என்று சொல்லிவிடக் கூடாது. அந்த ஆட்டமே அவருக்குப் பாதகமான ஆட்டம். சரியாக ஆடினாலும் 2 நாள் குண்டுவீச்சைத் தவிர்க்க வழி இல்லை. ஆட்ட மதிப்பு என்பது இருவரும் நன்றாக ஆடினால் வரும் பலன். அது இருவருக்கும் நல்லதாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

### அதே ஆட்டத்தில் மேலாதிக்கம்

ஜப்பானின் இரண்டு நிரல்களை மேலிருந்து கீழாக ஒப்பிடுங்கள். வடக்கு: 2, 1. தெற்கு: 2, 3. முதல் நிரையில் இரண்டும் சமம், இரண்டாவதில் வடக்கு சிறியது. ஜப்பானுக்குச் சின்ன எண் நல்லது என்பதால், கென்னி என்ன செய்தாலும் வடக்கு தெற்கைவிட மோசமாக இருக்காது. வடக்கு மேலாதிக்கம் செய்கிறது, தெற்கு நிரலை அடித்துவிடலாம். மிஞ்சுவது வடக்கு நிரல் மட்டும். அதில் கென்னி 2, 1 இரண்டில் 2-ஐத் தேர்வார். அதே விடை.

கென்னிக்கு அப்படி ஒரு மேலாதிக்க உத்தி கிடையாது என்பதைக் கவனியுங்கள். அவருடைய நிரைகள் (2, 2) மற்றும் (1, 3). ஜப்பான் தெற்கே போனால் அவருக்குத் தெற்கே நல்லது. ஜப்பான் தெற்கே போகாது என்று எதிராளியின் நிலையிலிருந்து யோசித்த பிறகுதான் அவருக்கு வடக்கு உறுதியாகிறது.

இங்கே இன்னொரு நுட்பம் இருக்கிறது. முதல் நிரையில் 2-க்கு 2 சமமாக இருந்ததே, அப்படிப்பட்ட மேலாதிக்கத்தைப் பலவீன மேலாதிக்கம் என்போம். எல்லா இடத்திலும் கண்டிப்பாகச் சிறியதாக இருந்தால் கண்டிப்பான மேலாதிக்கம். கண்டிப்பானதை அடித்தால் எதையும் இழப்பதில்லை. பலவீனமானதை அடித்தால் ஆட்ட மதிப்பு மாறாது, ஆனால் வேறு சில உகந்த உத்திகள் காணாமல் போகலாம். நம் ஆட்டத்திலேயே அது நடக்கிறது. ஜப்பான் பாதி வாய்ப்பில் வடக்கு, பாதி வாய்ப்பில் தெற்கு என்று சீட்டுப் போட்டு முடிவெடுத்தால் என்ன? கென்னி வடக்கே தேடினால் 2. தெற்கே தேடினால் 1-க்கும் 3-க்கும் சராசரி, அதுவும் 2. ஆக அந்தக் கலப்பு உத்தியும் ஜப்பானுக்கு உகந்ததுதான். தெற்கு நிரலை அடித்ததும் அது நம் கண்ணுக்கு மறைந்துவிட்டது.

ஆட்ட மதிப்பும் ஓர் உகந்த உத்தியும் கண்டுபிடி என்று கேட்டால் பலவீன மேலாதிக்கத்தைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். எல்லா உகந்த உத்திகளையும் கேட்டால் கண்டிப்பான மேலாதிக்கத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

## கடைசி ஓவர்: சேணப் புள்ளி இல்லாதபோது

இப்போது பெரிய ஆட்டம். பேட்ஸ்மேன் ரன் எடுக்கப் பார்க்கிறார், பவுலர் கட்டுப்படுத்தப் பார்க்கிறார். ஒருவருடைய ரன் மற்றவருடைய இழப்பு, சுழியத் தொகைக்கு நன்றாகப் பொருந்தும் சூழல். பந்து கையை விட்டு வருவதற்கு முன்பே பேட்ஸ்மேன் ஏதாவது ஒன்றுக்குத் தயாராக வேண்டியிருக்கிறது. முன்னங்காலில் போய் யார்க்கரை எடுக்கத் தயாராகலாம், பின்னங்காலில் பவுன்சருக்குக் காத்திருக்கலாம், எதற்கும் முந்தாமல் பந்தைப் பார்த்து ஆடலாம், அல்லது ஸ்கூப்புக்கு நகரலாம். பவுலரிடம் யார்க்கர், பவுன்சர், ஸ்லோ பால், குட் லெந்த்.

கீழே உள்ள எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை. அந்தச் சேர்க்கையே ஓவர் முழுக்கத் தொடர்ந்தால் எதிர்பார்க்கும் ரன்:

| பேட்ஸ்மேன் ↓ / பவுலர் → | யார்க்கர் | பவுன்சர் | ஸ்லோ பால் | குட் லெந்த் |
|---|---|---|---|---|
| முன்னங்கால் | 7 | 3 | 8 | 8 |
| பின்னங்கால் | 4 | 10 | 6 | 9 |
| பார்த்து ஆடுதல் | 5 | 6 | 7 | 7 |
| ஸ்கூப் | 3 | 7 | 9 | 2 |

முதல் வேலை எப்போதும் சேணப் புள்ளி. நிரைக் குறைந்தபட்சங்கள் 3, 4, 5, 2. மேக்சிமின் 5. நிரல் அதிகபட்சங்கள் 7, 10, 9, 9. மினிமேக்ஸ் 7. இரண்டும் ஒன்றல்ல, ஆக சேணப் புள்ளி இல்லை. ஆனாலும் இந்த வேலை வீணாகவில்லை: ஆட்ட மதிப்பு 5-க்கும் 7-க்கும் நடுவில்தான் இருக்கும் என்று தெரிந்துவிட்டது. கடைசியில் 4.5 அல்லது 7.8 என்று விடை வந்தால் எங்கோ பிழை என்று உடனே பிடித்துவிடலாம். இந்த இரண்டு எண்களையும் தாளின் ஓரத்தில் எழுதி வைத்துக்கொண்டே மேலே போங்கள்.

### அணியைச் சுருக்குவது

விதி இவ்வளவுதான். நிரைகளில், ஒரு நிரையின் எல்லா எண்களும் இன்னொன்றின் எண்களைவிடச் சிறியதாகவோ சமமாகவோ இருந்தால் அந்தச் சின்ன நிரையை அடி. நிரல்களில், எல்லா எண்களும் இன்னொன்றைவிடப் பெரியதாகவோ சமமாகவோ இருந்தால் அந்தப் பெரிய நிரலை அடி.

நிரைகளைப் பாருங்கள். முன்னங்கால் யார்க்கரில் பெரியது, பவுன்சரில் மிகச் சின்னது. பின்னங்கால் பவுன்சரில் மிகப் பெரியது, யார்க்கரில் சின்னது. ஸ்கூப்பில் 9 இருக்கிறது, அந்த நிரலில் அதுதான் பெரியது, அதனால் எந்த நிரையும் அதை மூட, அதாவது மேலாதிக்கம் செய்ய, முடியாது. இப்போதைக்கு நிரைகளில் எதையும் தொட முடியவில்லை.

நிரல்களுக்கு வருவோம். யார்க்கர் (7, 4, 5, 3), ஸ்லோ பால் (8, 6, 7, 9). நான்கு இடத்திலும் ஸ்லோ பால் பெரியது. பேட்ஸ்மேன் எப்படி நின்றாலும் பவுலருக்கு யார்க்கர் போடுவதே மேல். ஸ்லோ பால் நிரல் போகட்டும். குட் லெந்தையும் இப்போதே அடிக்கலாமா? அது (8, 9, 7, 2). மூன்று இடத்தில் யார்க்கரைவிடப் பெரியது, ஆனால் ஸ்கூப் நிரையில் 2, யார்க்கருக்கு 3. ஒரே ஓர் இடம் தடுத்தாலும் அடிக்கக் கூடாது. அவசரத்தில் இந்த ஓர் இடத்தை விடுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை.

ஸ்லோ பால் போனதும் நிலைமை மாறுகிறது. ஸ்கூப்புக்கு இருந்த ஒரே பலம் அந்த 9. இப்போது ஸ்கூப் (3, 7, 2), பின்னங்கால் (4, 10, 9). மூன்று இடத்திலும் பின்னங்கால் பெரியது, ஸ்கூப் நிரை போகிறது.

ஸ்கூப் போனதும் குட் லெந்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்த அந்த 2 போய்விட்டது. மிச்சம் குட் லெந்த் (8, 9, 7), யார்க்கர் (7, 4, 5). குட் லெந்தும் போகிறது. ஒவ்வொரு முறை எதையாவது அடித்த பிறகும் நிரை, நிரல் இரண்டையும் முதலிலிருந்து மறுபடி பார்க்க வேண்டும். ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு "மேலாதிக்கம் இல்லை" என்று நிறுத்தியிருந்தால் பாதி அணி அப்படியே கிடந்திருக்கும்.

இப்போது இருப்பது:

| | யார்க்கர் | பவுன்சர் |
|---|---|---|
| முன்னங்கால் | 7 | 3 |
| பின்னங்கால் | 4 | 10 |
| பார்த்து ஆடுதல் | 5 | 6 |

பார்த்து ஆடுதலை முன்னங்காலோடு ஒப்பிட்டால் பவுன்சரில் 6 பெரியது. பின்னங்காலோடு ஒப்பிட்டால் யார்க்கரில் 5 பெரியது. தனியாக யாரும் அதை மூடவில்லை. ஆனால் இரண்டையும் கலந்தால்? பாதிக்குப் பாதி சராசரி எடுத்தால் யார்க்கருக்கு 5.5, பவுன்சருக்கு 6.5. இரண்டுமே 5, 6-ஐவிடப் பெரியது. ஆக பார்த்து ஆடுதல் கலப்பு மேலாதிக்கத்தால் அடிபடுகிறது.

பாடப் புத்தகங்கள் பெரும்பாலும் பாதிக்குப் பாதியை மட்டும் முயன்று பார்க்கச் சொல்லும். பாதி பலிக்காவிட்டாலும் வேறு விகிதம் பலிக்கலாம், அதைக் கண்டுபிடிக்க ஊகம் வேண்டாம். முன்னங்காலின் பங்கு k என்று வையுங்கள்.

```
7k + 4(1 − k) ≥ 5   →  k ≥ 1/3
3k + 10(1 − k) ≥ 6  →  k ≤ 4/7
```

1/3-க்கும் 4/7-க்கும் இடையில் எந்த k ஆனாலும் வேலை நடக்கும். கீழ் எல்லை மேல் எல்லையைத் தாண்டிவிட்டால் அந்த இரண்டு நிரைகளின் கலப்பு எதுவும் மூன்றாவதை மூடாது என்று உறுதியாகச் சொல்லலாம். இந்த k என்பது அடிப்பதற்கான காரணம் மட்டுமே. பேட்ஸ்மேன் கடைசியில் ஆட வேண்டிய விகிதம் இது அல்ல, அது அடுத்து வருகிறது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். அடிபட்டது எந்த நிரை? மேக்சிமின் 5 வந்த அதே நிரை. ஒரே உத்தியைத்தான் தேர வேண்டும் என்றால் பேட்ஸ்மேனுக்கு மிகப் பாதுகாப்பானது பார்த்து ஆடுவது. உத்திகளைக் கலக்கலாம் என்றவுடன் அதற்கு இடமே இல்லாமல் போகிறது. இந்தப் பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான். சேணப் புள்ளி இல்லாத ஆட்டத்தில் மேக்சிமின் நிரையை "பேட்ஸ்மேனின் உகந்த உத்தி" என்று விடைத்தாளில் எழுதுபவர்கள் இந்த ஆட்டத்தை ஒருமுறை முழுதாகப் போட்டுப் பார்க்க வேண்டும்.

### இரண்டுக்கு இரண்டைத் தீர்ப்பது

மிஞ்சியது (7, 3), (4, 10). பேட்ஸ்மேன் p வாய்ப்பில் முன்னங்கால், மீதி பின்னங்கால் என்று ஆடட்டும். பவுலர் யார்க்கர் போட்டால் எதிர்பார்க்கும் ரன் `7p + 4(1 − p) = 3p + 4`. பவுன்சர் போட்டால் `3p + 10(1 − p) = 10 − 7p`. p கூடக் கூட முதலாவது ஏறும், இரண்டாவது இறங்கும். பவுலர் எப்போதும் இரண்டில் சின்னதைத்தான் தருவார். அந்தச் சின்னதை எவ்வளவு உயர்த்த முடியும் என்றால், இரண்டும் சமமாகும் இடம் வரை.

```
3p + 4 = 10 − 7p
p = 0.6
ஆட்ட மதிப்பு = 3(0.6) + 4 = 5.8
```

பவுலர் பக்கமும் இப்படியே. யார்க்கரின் வாய்ப்பு q என்றால், முன்னங்காலுக்கு `4q + 3`, பின்னங்காலுக்கு `10 − 6q`. சமப்படுத்தினால் q = 0.7. மதிப்பு 4(0.7) + 3 = 5.8. இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே மதிப்பு வர வேண்டும், வந்திருக்கிறது. இப்படி வந்தே தீரும் என்பதைத்தான் ஜான் வான் நியூமன் 1928-இல் நிரூபித்தார்: கலப்பு உத்திகளை அனுமதித்தால் மேக்சிமினும் மினிமேக்ஸும் எப்போதும் ஒன்றாகும்.

வேகமாகப் போட வேண்டுமானால், ஒவ்வொரு நிரையிலும் இரண்டு எண்களின் வித்தியாசத்தை எடுத்து இடம் மாற்றிப் போடுங்கள். முதல் நிரையில் 4, இரண்டாவதில் 6. மாற்றினால் முன்னங்கால் 6/10, பின்னங்கால் 4/10. நிரல்களில் வித்தியாசம் 3, 7. மாற்றினால் யார்க்கர் 7/10, பவுன்சர் 3/10.

0.6 என்றால் மூன்று பந்து இப்படி, இரண்டு பந்து அப்படி என்று வரிசையாக ஆடுவது அல்ல. அப்படி ஆடினால் பவுலர் இரண்டு ஓவரில் வரிசையைப் பிடித்துவிடுவார். ஒவ்வொரு பந்துக்கும் தனித்தனியாக, முந்தைய பந்தோடு தொடர்பில்லாமல் அந்த வாய்ப்பில் தேர்வது என்று அர்த்தம்.

### முதல் அணிக்குத் திரும்பிப் போய்ச் சரிபார்ப்பது

இதைப் பலர் செய்வதில்லை, ஆனால் இரண்டு நிமிட வேலை. அடித்த உத்திகளுக்குச் சுழியம் போட்டு, பேட்ஸ்மேனின் (0.6, 0.4, 0, 0) கலப்பை முதலில் இருந்த நான்கு நிரலோடும் பெருக்குங்கள்:

```
யார்க்கர்     0.6×7 + 0.4×4  = 5.8
பவுன்சர்     0.6×3 + 0.4×10 = 5.8
ஸ்லோ பால்   0.6×8 + 0.4×6  = 7.2
குட் லெந்த்   0.6×8 + 0.4×9  = 8.4
```

எதுவும் 5.8-க்குக் கீழே போகவில்லை. பவுலர் எதைப் போட்டாலும் பேட்ஸ்மேனுக்கு 5.8 உறுதி. அடுத்து பவுலரின் (0.7, 0.3, 0, 0):

```
முன்னங்கால்       0.7×7 + 0.3×3  = 5.8
பின்னங்கால்       0.7×4 + 0.3×10 = 5.8
பார்த்து ஆடுதல்   0.7×5 + 0.3×6  = 5.3
ஸ்கூப்             0.7×3 + 0.3×7  = 4.2
```

எதுவும் 5.8-க்கு மேலே போகவில்லை. ஒரு பக்கம் 5.8-க்குக் குறையாது, மறுபக்கம் 5.8-க்கு மிஞ்சாது என்றால் மதிப்பு 5.8 என்பதற்கு வேறு நிரூபணம் வேண்டாம். நடுவில் ஏதாவது ஒரு நிரலையோ நிரையையோ தப்பாக அடித்திருந்தால், பெரும்பாலும் இந்த எட்டு வரிகளில் ஒன்று விதியை மீறி அதைக் காட்டிக்கொடுக்கும். எந்த வரியும் மீறவில்லை என்றால், வழியில் என்ன நடந்திருந்தாலும் விடை சரி.

## சூத்திரம் எங்கே ஏமாற்றும்

சேணப் புள்ளி இருக்கும் அணியில் அது தெரியாமல் சமப்படுத்தும் முறையைப் போட்டால் என்ன ஆகும்? (5, 6), (2, 4) என்ற அணியை எடுங்கள். நிரைக் குறைந்தபட்சங்கள் 5, 2. நிரல் அதிகபட்சங்கள் 5, 6. மேக்சிமின் 5, மினிமேக்ஸ் 5. சேணப் புள்ளி உண்டு, மதிப்பு 5. இதைப் பார்க்காமல் சமப்படுத்தினால் `5p + 2(1 − p) = 6p + 4(1 − p)`, அதாவது 3p + 2 = 2p + 4, p = 2. நிகழ்தகவு 2 என்று ஒன்று கிடையாது. மதிப்பு 8 வருகிறது, அணியிலேயே 6-க்கு மேல் எண் இல்லை. இப்படி வெளிப்படையாக உடைந்தால் நல்லது, கண்டுபிடித்துவிடலாம். வித்தியாசங்களை இடம் மாற்றிப் போடும் குறுக்குவழிதான் ஆபத்து. குறியை விட்டுவிட்டு வித்தியாசத்தை மட்டும் எடுப்பதால், இங்கே 1, 2 என்ற வித்தியாசங்களை மாற்றி 2/3, 1/3 என்று அழகான விடையைத் தந்துவிடும். பார்த்தால் சந்தேகமே வராது, ஆனால் தவறு. குறுக்குவழிக்கு முன்னால் சேணப் புள்ளி இல்லை என்பதை உறுதி செய்தே ஆக வேண்டும்.

## சுருங்காத அணி

எல்லா ஆட்டமும் கடைசி ஓவர் மாதிரி இரண்டுக்கு இரண்டாகச் சுருங்காது. கல், காகிதம், கத்திரி ஆட்டத்தை வெற்றிக்கு 1, தோல்விக்கு −1, சமத்துக்கு 0 என்று எழுதிப் பாருங்கள். மேக்சிமின் −1, மினிமேக்ஸ் 1. எந்த நிரையும் எந்த நிரையையும் மூடாது, கலப்பாலும் மூடாது. மூன்றும் ஒரே மாதிரி என்ற சமச்சீரால் மூன்றிலொரு பங்கு வீதம் என்று ஊகித்து, மேலே செய்த சரிபார்ப்பை வைத்து உறுதி செய்யலாம். சமச்சீர் இல்லாத மூன்றுக்கு மூன்று என்றால் அந்த வழியும் இல்லை.

ஒரு பக்கம் இரண்டே உத்திகள் மிஞ்சி மறுபக்கம் பல இருந்தால் வரைபட முறை போதும். இரண்டே உத்திகள் நிரை ஆட்டக்காரருக்கு என்றால், p-ஐக் கிடையச்சில் வைத்து ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு கோடு வரைந்து, எல்லாவற்றுக்கும் கீழே இருக்கும் எல்லையின் உச்சியைப் பிடித்தால் மதிப்பு வந்துவிடும். நிரல் ஆட்டக்காரருக்கு என்றால் ஒவ்வொரு நிரைக்கும் ஒரு கோடு, எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் எல்லையின் மிகத் தாழ்ந்த இடம். இரண்டு பக்கமும் மூன்று அல்லது அதற்கு மேல் மிஞ்சினால் நேரியல் திட்டமிடலாக எழுதி சிம்ப்ளெக்ஸ் முறையில் போட வேண்டும்: மதிப்பு v-ஐப் பெரிதாக்கு, ஒவ்வொரு நிரலிலும் எதிர்பார்க்கும் பலன் v-க்குக் குறையக் கூடாது, நிகழ்தகவுகளின் கூட்டல் 1. பவுலரின் கணக்கு அதற்கு இருமக் கணக்காக வந்து நிற்கும், பேட்ஸ்மேன் கணக்கின் கடைசி அட்டவணையிலேயே பவுலரின் விகிதங்களும் கிடைக்கும். அங்கே போவதற்கு முன்பும் மேலாதிக்கத்தால் அடிக்க முடிந்ததை அடித்துவிட்டுப் போனால் அட்டவணை சின்னதாகும், கையால் போடுபவருக்கு அது பெரிய வித்தியாசம்.